ஆயிரம் ஸ்டிச்சுக்கு எவ்வளவு?

"நீ வாயத் தொறக்க வேண்டாம் தம்பி. நான் ஒரு நம்பர் சொல்றேன். மேலயா கீழயான்னு தலைய மட்டும் ஆட்டு, போதும்" என்றார் அண்ணன்.

நெருப்பெரிச்சலில் அவருடைய எம்ப்ராய்டரி யூனிட்டின் மாடியில் இருக்கும் சின்ன ஆபீஸ் அறை. கீழே இரண்டு இருபது ஹெட் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் மேஜை மீதிருக்கும் டீ டம்ளர் லேசாக நடுங்கும். வெளியூர்க்காரர்களிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்பார்கள். திருப்பூருக்கு வடக்கே தனிப் பஞ்சாயத்தாக இருந்த ஊர், 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. நான் பிறந்தது இங்கேதான். பி.இ. முடித்து, பெங்களூரில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, எம்ப்ராய்டரி, பிரிண்டிங் யூனிட்டுகளுக்கு ஜாப் ஒர்க் கணக்கு பார்க்கும் ஒரு சாஃப்ட்வேரை எழுதி விற்றுக்கொண்டிருக்கிறேன். அதை முதலில் நம்பி அட்வான்ஸ் கொடுத்தவர் இந்த அண்ணன்தான். அப்போது என்னிடம் காட்டுவதற்கு இரண்டு ஸ்கிரீன் மட்டும்தான் இருந்தது.

அவர் கேட்டது இன்னொரு யூனிட்டின் ரேட். அவர்களும் என்னுடைய வாடிக்கையாளர்கள். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள். அண்ணனுக்குப் பல வருடமாக வேலை கொடுத்துவந்த ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனி, இரண்டு மாதமாக அங்கே துணியை இறக்குகிறது. ஏன் என்று மெர்ச்சண்டைசரிடம் கேட்டால் "ரேட்டுங்க" என்ற ஒரே சொல்தான் பதில். எவ்வளவு என்று அந்தப் பையன் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பது அண்ணனுக்குத் தெரியும். அவர்களுடைய பில் எல்லாம் நான் பராமரிக்கும் சர்வரில்தான் இருக்கிறது.

எம்ப்ராய்டரி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எம்ப்ராய்டரிக்கு ரேட் பேசுவது ஆயிரம் ஸ்டிச்சுக்கு இத்தனை பைசா என்றுதான். ஒரு டீ-சர்ட்டின் நெஞ்சில் வரும் லோகோவில் 8,240 ஸ்டிச் இருக்கிறது, ஆயிரத்துக்கு 50 பைசா ரேட் என்றால், ஒரு பீஸுக்கு 4 ரூபாய் 12 பைசா. லோகோவை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றுவதற்குப் பஞ்சிங் என்று பெயர். அதில் கிடைக்கும் ஃபைலின் தலைப்பகுதியிலேயே ஸ்டிச் எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கும். `.DST` ஃபைல் ஒன்றைச் சாதாரண நோட்பேடில் திறந்தாலும் முதல் வரிகள் இப்படித் தெரியும்:

```
LA:CHEST_LOGO
ST:   8240
CO:  3
```

பெயர், ஸ்டிச், எத்தனை முறை நிறம் மாறுகிறது. இது யாரும் மறைத்து வைக்கிற விஷயமில்லை. ஆனால் இந்த ஒரு எண்ணால்தான் நான் ஒருமுறை ஒரு வாடிக்கையாளரை இழந்தேன். அதற்குப் பிறகு வருகிறேன். (இந்தக் கட்டுரையில் வரும் ரேட்டுகளையெல்லாம் மாற்றியிருக்கிறேன். ஆட்களையும் கொஞ்சம் இடம் மாற்றி வைத்திருக்கிறேன். இல்லையென்றால் சொல்லமாட்டேன் என்று எழுதும் கட்டுரையிலேயே சொல்லிவிட்ட மாதிரி ஆகிவிடும்.)

தலையை ஆட்டுவது ஒன்றும் சொல்லாதது போலத்தான் தோன்றும். ஆனால் இந்தப் பகுதியில் ரேட் 40 பைசாவிலிருந்து 55 பைசாவுக்குள் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் பதினாறு எண்கள். "47க்கு மேலயா?" என்று ஒரு கேள்வி, தலையாட்டினால் எட்டு மிச்சம். அடுத்ததில் நான்கு, அப்புறம் இரண்டு, நான்காவது தலையாட்டலில் ஒரே எண். கல்லூரியில் முதல் வருடம் படித்த பைனரி சர்ச் இதுதான். நான் வாயே திறக்காமல் நான்கு முறை தலையசைத்து மொத்த ரேட்டையும் கொடுத்திருப்பேன்.

அண்ணனுக்கு பைனரி சர்ச் தெரியாது. ஆனால் முப்பது வருடமாக பேரம் பேசுகிறவருக்கு எதிராளியின் முகத்தைப் படிக்கத் தெரியும். நான் தலையாட்டவில்லை என்றதும் அடுத்ததுக்குப் போனார். "முப்பத்தஞ்சுக்கு ஓட்டறாங்களாமே?" என்றார். அந்த ரேட்டுக்கு யாராலும் ஓட்ட முடியாது என்று இருவருக்கும் தெரியும். "ச்சே, அவ்வளவு கீழ இல்லீங்கண்ணா" என்ற பதில் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எஞ்சினியர்களுக்கு இது ஒரு வியாதி. தப்பான எண்ணைக் கேட்டுவிட்டுத் திருத்தாமல் சும்மா இருக்க முடியாது. ரேட் வேண்டும் என்று கேட்பதைவிட, ரேட்டைத் தப்பாகச் சொல்வது நல்ல தூண்டில். அங்கே "இல்லை" என்று சொல்லிவிட்டு, அடுத்து அவர் "நாப்பத்தஞ்சா?" என்று கேட்கும்போது "அதெல்லாம் சொல்ல முடியாதுங்க" என்றால், நான் சொல்ல மறுத்ததே பதிலாகிவிடும்.

அதனால் நான் கற்றுக்கொண்டது, கிட்டத்தட்டச் சரியான எண்ணுக்கும், முழுக்கத் தப்பான எண்ணுக்கும், விளையாட்டாகச் சொல்லும் எண்ணுக்கும் ஒரே பதிலைச் சொல்வது. அதே வார்த்தைகள், முடிந்தால் அதே குரல்.

"அண்ணா, அது அவங்க கணக்கு. நான் சொல்றதுக்கில்லீங்க. உங்க கணக்க யாரு வந்து கேட்டாலும் இதேதான் சொல்லுவேன்."

இந்த மூன்று வாக்கியத்துக்கு வந்து சேர எனக்கு நாலைந்து வருடம் ஆனது. முதலில் "எனக்குத் தெரியாதுங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய் என்று கேட்பவருக்கே தெரியும். பொய் சொல்கிறவன் அவருடைய கணக்கை மட்டும் எப்படி ஒழுங்காக வைத்திருப்பான் என்ற சந்தேகமும் கூடவே வரும். பிறகு "அக்ரிமெண்ட்ல இருக்குதுங்க, சொல்லக்கூடாது" என்று பேப்பருக்குப் பின்னால் ஒளிந்தேன். "நமக்குள்ள என்னப்பா அக்ரிமெண்ட்டு" என்று சிரிப்பார்கள். இன்னொன்று, "அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்." இது எல்லாவற்றிலும் மோசம். கேட்டவருக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டு, இவர் உங்கள் ரேட்டைத் தேடுகிறார் என்று அந்தப் பக்கமும் போய்ச் சொல்கிற வேலை அது.

காரணம் சொல்ல ஆரம்பித்தால் முடியாது என்பதும் பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. சட்டம் என்றால் "யாரு கேஸ் போடப் போறாங்க" என்பார்கள். நம்பிக்கை என்றால் "அப்ப என்மேல நம்பிக்க இல்லியா" என்பார்கள். ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்திவிட்டால் எதிர்த்துப் பேசுவதற்கு எதுவும் கிடைக்காது. அதோடு எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு வசதி உண்டு. "முடியாது" என்பது கதவைச் சாத்துகிற சொல். "சொல்றதுக்கில்லீங்க" என்றால் சாத்திய கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியும் போட்ட மாதிரி. அந்த "ங்க" இல்லாமல் நெருப்பெரிச்சலில் யாரும் யாருக்கும் எதையும் மறுக்க முடியாது.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். "இந்த ஊர்ல ரேட்டு ஒரு ரகசியமா தம்பி? டெம்போ டிரைவரக் கேட்டாச் சொல்றான். நூல் கொண்டாந்து குடுக்கறவன் சொல்றான்."

அதில் பாதி உண்மை. திருப்பூரில் பல விலைகள் வெளிப்படையானவை. நூல் விலையை மில்கள் மாதத் தொடக்கத்தில் அறிவிப்பதும், ஜாப் ஒர்க் சங்கங்கள் கட்டண உயர்வு என்று தீர்மானம் போடுவதும் பேப்பரில் வரும். அதையெல்லாம் யார் கேட்டாலும் சொல்வேன். சங்க ரேட்டுக்குக் கீழே ஒவ்வொருவரும் ஒவ்வொரு பார்ட்டியோடும் தனியாகப் பேசி முடிப்பதுதான் நிஜமான ரேட். டிரைவர் சொல்வது காற்றில் வந்த செய்தி. அதை நம்பலாம், நம்பாமலும் போகலாம். மெர்ச்சண்டைசரிடம் போய் "டிரைவர் சொன்னான்" என்று பேரம் பேச முடியாது. நான் சொன்னால் அது பில் புத்தகத்திலிருந்து வந்தது. என் வாயிலிருந்து வரும் எண்ணுக்கு விலை இருப்பதே, அது சரியாக இருக்கும் என்பதால்தான். அதே காரணத்தால்தான் அது வரக்கூடாது.

"எக்ஸ்போர்ட் பில்லே காசு குடுத்தா வாங்கலாங்கறாங்க" என்றும் சொன்னார். அப்படி ஒரு காலம் இருந்தது. எந்த ஏற்றுமதியாளர் எந்தச் சரக்கை என்ன மதிப்பில் அனுப்பினார் என்ற சுங்க விவரங்களைத் தொகுத்து விற்பது ஒரு வியாபாரமாகவே நடந்தது. 2022 பட்ஜெட்டில் சுங்கச் சட்டத்தில் 135ஏஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சட்டம் கேட்காத இடத்தில் அந்த விவரங்களை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைச் சொன்னேன். "அது எக்ஸ்போர்ட்காரனுக்கு. நமக்கு யாரு போடறா சட்டம்" என்றார். சரிதான். ஜாப் ஒர்க் செய்கிறவர்களின் ஐந்து பைசாவுக்குப் பார்லிமெண்டில் பிரிவு கிடையாது.

அந்த ஐந்து பைசா கதையை அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அதில் வருகிற ஆட்களை அவர் கண்டுபிடித்துவிடுவார். இங்கே சொல்கிறேன்.

தொழில் தொடங்கிய இரண்டாவது வருடம். புதிதாக ஒரு யூனிட்டுக்கு டெமோ காட்டப் போனேன். போலித் தகவல்களை உட்கார்ந்து அடிப்பதற்குச் சோம்பல்பட்டு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளரின் தகவல்களையே பிரதி எடுத்தேன். சும்மா எடுக்கவில்லை. கம்பெனிப் பெயரை அழித்து 'சாம்பிள் பார்ட்டி' என்று போட்டேன். ரேட் வருகிற பத்தியையும் மறைத்தேன். மிகவும் ஜாக்கிரதையான ஆள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது.

திரையில் மிச்சமிருந்தவை: டிசைனின் சின்னப் படம், ஸ்டிச் 8,240, பீஸ் 7,200, பில் தொகை 29,664 ரூபாய்.

டெமோ பார்த்தவர் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தார். அதே லோகோவுக்கு சாம்பிள் போட்டுக் கொடுத்தவர் அவர். ஆர்டர் அவருக்குக் கிடைக்கவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும்? யாருடைய பில் என்பது அவருக்குப் படத்திலேயே தெரிந்துவிட்டது. மிச்சம் வெறும் வகுத்தல். 29,664ஐ 7,200ஆல் வகுத்தால் 4.12. அதை 8.24ஆல் வகுத்தால் 50 பைசா. நான் மறைத்த பத்தியைத் தவிர, அதைக் கண்டுபிடிக்கத் தேவையான எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் காட்டியிருக்கிறேன். அவர் மொபைலில் கால்குலேட்டரைத் தட்டியதைக்கூடப் பார்த்தேன். என் சாஃப்ட்வேர் கூட்டல் சரியாகப் போடுகிறதா என்று சரிபார்க்கிறார் போல என்று நினைத்தேன். இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது.

இரண்டு வாரம் கழித்துப் பழைய வாடிக்கையாளரின் ஆபீஸில் ஏதோ பிரிண்டர் பிரச்சினைக்காக உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு என்ட்ரியை ரத்து செய்யச் சொன்னார். அதே லோகோவின் ரிப்பீட் ஆர்டர், கைக்கு வந்துவிட்டது என்று முன்கூட்டியே போட்டு வைத்திருந்தது. "அஞ்சு பைசா கொறச்சுக் குடுத்திருக்கான். பத்தும் இல்ல, மூணும் இல்ல. கரெக்டா அஞ்சு பைசா. எனக்கு என்ன ரேட்டுன்னு பாத்தமாதிரி" என்றார்.

ஆயிரத்துக்கு ஐந்து பைசா என்பது அந்த டிசைனில் ஒரு பீஸுக்கு 41 பைசா, 7,200 பீஸுக்கு ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய். போட்டிக்காரர் அதை விட்டுக்கொடுத்து மொத்த ஆர்டரையும் எடுத்துக்கொண்டார். இருபது ஹெட் மெஷினில் கிட்டத்தட்ட நாலு நாள், ராத்திரி ஷிஃப்டும் சேர்த்து, ஓடவேண்டிய வேலை. வேலை வராவிட்டாலும் மெஷினுக்கான தவணை அதே தேதியில் வரும்.

மூன்று நாள் தூக்கமில்லாமல் இருந்துவிட்டுப் போய்ச் சொன்னேன். பிரிண்டரை ரிப்பேர் செய்தபோதே சொல்லியிருக்க வேண்டும். அவர் சத்தம் போடவில்லை. "யாருகிட்டக் காட்டின?" என்று மட்டும் கேட்டார். அதைச் சொல்லவில்லை. ஒருவரின் விஷயத்தை வெளியே விட்டதற்கு இன்னொருவரின் விஷயத்தை விட்டு ஈடுகட்ட முடியாது என்று தோன்றியது. சொல்லாமலேயே அவருக்குத் தெரிந்திருந்தது என்பது வேறு. இரண்டு மாதம் கழித்து, "பையன் எக்ஸெல்லயே பாத்துக்கறேங்கறான் தம்பி" என்று சொல்லி சாஃப்ட்வேரை நிறுத்திக்கொண்டார். இப்போதும் வழியில் பார்த்தால் சிரிப்பார். அவர் பையன் சிரிக்கமாட்டான்.

அதற்குப் பிறகு டெமோவுக்கென்று தனியாக ஒரு கம்பெனியை உருவாக்கினேன். அதில் இருக்கும் பீஸ் எண்ணிக்கை, ரேட், லோகோ எல்லாம் நானே உட்கார்ந்து அடித்தவை. லோகோ என் அக்கா பெண் வரைந்த மயில். வாடிக்கையாளர் ஸ்கிரீன்ஷாட் கேட்டாலும் அந்த மயில்தான் போகும். புது யூனிட்டுக்கு நிறுவிக் கொடுக்கும்போது பழைய யூனிட்டின் செட்டிங்கைப் பிரதி எடுப்பதையும் நிறுத்தினேன். எடுத்தால், ரேட் கட்டத்தில் ஏற்கெனவே ஒரு எண் உட்கார்ந்திருக்கும். அது யாருடையது என்று யாராவது கேட்பார்கள். வாயால் மறுப்பதில் நான் கெட்டிக்காரனாக ஆகிக்கொண்டிருந்தபோது, திரை அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அண்ணனிடம் திரும்புகிறேன். தலையாட்டலும் நடக்கவில்லை, தூண்டிலும் மாட்டவில்லை என்றதும் அவர் மூன்றாவதாக ஒன்று கேட்டார். உண்மையிலேயே நியாயமாகத் தெரிந்த கேள்வி.

"சரி, தனியா ஒருத்தர் ரேட்டு வேண்டாம். எங்களாட்டம் இருபது ஹெட்டு ஓட்டறவங்க உங்கிட்ட மூணு பேரு இருக்கறோம். மூணுக்கும் சராசரி எத்தனைன்னு சொல்லு. அதுல யாரு பேரும் வராதுல்ல?"

அன்றைக்குக் கொஞ்சம் யோசித்தேன். சராசரி என்றால் கூட்டத்தில் ஆள் மறைந்துவிடுவார் என்றுதான் நமக்கெல்லாம் நினைப்பு. கூட்டம் பெரிதாக இருந்தால் சரி. மூன்று பேர் ஒரு கூட்டமில்லை. சராசரி 48 பைசா என்று நான் சொல்கிறேன் என்று வையுங்கள். மொத்தம் 144. அண்ணனுடைய சொந்த ரேட் 52, அது அவருக்குத் தெரியும். மிச்ச இருவருக்கும் சேர்த்து 92. அதில் ஒருவருடைய ரேட் 44 என்று டெம்போ டிரைவர் ஏற்கெனவே சொல்லியிருந்தால், மூன்றாமவர் 48. டிரைவரின் காற்றுச் செய்தியும் என் சராசரியும் சேர்ந்தால் ஒரு துல்லியமான எண். இன்னும் ஆறு மாதத்தில் நான்காவதாக ஒருவர் சேர்ந்து, அப்போதும் சராசரி கேட்டு நான் சொன்னால், இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து புதியவரின் ரேட்டும் வந்துவிடும்.

அதைவிட, சராசரி தெரிந்தபிறகு என்ன ஆகும் என்பதும் எனக்குப் பயமாக இருந்தது. லிதுவேனியாவில் ஒரு வழக்கு நடந்தது. அங்கே இ-டூராஸ் என்று ஒரு கணினி அமைப்பு; பல டிராவல் ஏஜென்சிகள் அதன் வழியாகத்தான் ஆன்லைனில் பயணங்களை விற்றன. 2009 ஆகஸ்டில் அதன் நிர்வாகி, இனி ஆன்லைன் தள்ளுபடி மூன்று சதவீதத்துக்கு மேல் போகாது என்று எல்லா ஏஜென்சிகளுக்கும் அமைப்புக்குள்ளேயே ஒரு செய்தி அனுப்பினார். அதற்கேற்ப சாஃப்ட்வேரையும் மாற்றினார். ஏஜென்சிகள் ஒருவரோடொருவர் உட்கார்ந்து பேசவில்லை. ஆனாலும் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2016 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அந்தச் செய்தியைத் தெரிந்துகொண்டும் எதிர்ப்புத் தெரிவிக்காமல் இருந்தவர்களை, விலையை ஒத்துப்பேசி வைத்துக்கொண்டவர்களாகக் கருத இடமுண்டு என்றது நீதிமன்றம். இந்தியாவிலும் 2002ஆம் வருடப் போட்டிச் சட்டத்தை 2023இல் திருத்தி, அதே தொழிலில் இல்லாமல் நடுவில் நின்று இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குக் கைகொடுப்பவரையும் உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள்.

நெருப்பெரிச்சலில் மூன்று எம்ப்ராய்டரி யூனிட்டைத் தேடி டெல்லியிலிருந்து யாரும் வரப்போவதில்லை. ஆனால் அந்த லிதுவேனிய நிர்வாகியின் நாற்காலியில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று பேருக்கும் ஒருவரையொருவர் தெரியும், ஆனால் மூன்று பேருடைய கணக்கையும் பார்க்க முடிந்தவன் நான் ஒருவன்தான். இன்றைக்கு சராசரி சொன்னால், நாளைக்கு மூவரும் அதற்குக் கீழே இறங்கமாட்டார்கள், அல்லது மூவரும் அதற்கு ஒரு பைசா கீழே இறங்குவார்கள். இரண்டையும் தொடங்கி வைத்தவன் நானாக இருப்பேன்.

"அதுவும் அவங்க கணக்குதாங்கண்ணா" என்றேன். மறுபடியும் அதே வாக்கியங்கள்.

அவருடைய முகம் மாறியது. எனக்கு முதல் அட்வான்ஸ் கொடுத்ததை அவர் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "நீ எங்கூட்டுப் பையன்னு நெனச்சேன்" என்றார். நான் டீயைக் குடித்தேன். அது ஆறிப்போயிருந்தது.

அவர் தப்பான ஆள் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். போட்டிக்காரனின் ரேட் தெரியாமல் தொழில் செய்வது இருட்டில் நூல் கோர்க்கிற மாதிரி. கேட்பது அவருடைய வேலை, சொல்லாமலிருப்பது என்னுடைய வேலை. அந்த ரேட் தெரிந்தால் உங்களுக்கு ஒரு உபயோகமும் இல்லை என்று சிலர் மறுக்கும்போது சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. உபயோகம் இருக்கிறது. மெர்ச்சண்டைசரிடம் அதே எண்ணைச் சொல்லி ஆர்டரைத் திரும்ப வாங்கியிருக்கலாம். அந்த உபயோகத்தை நான் தரவில்லை, அவ்வளவுதான்.

அவருடைய கணக்கை வைத்து என்ன செய்ய முடியும் என்று மட்டும் பார்த்தேன். அது அவருடையது, அதில் எனக்குத் தடையில்லை. "மூணு மாசத்து புரொடக்‌ஷன எடுத்துப் பாக்கலாங்களாண்ணா?" என்றேன். விருப்பமில்லாமல் சரி என்றார்.

அவருடைய மெஷின் ஏறக்குறைய நிமிடத்துக்கு 800 ஸ்டிச் ஓடுகிறது. 8,240 ஸ்டிச் லோகோவுக்கு ஓடும் நேரம் பத்து நிமிடம் சொச்சம். ஓடி முடித்தபின் ஃபிரேமைக் கழற்றி, அடுத்த இருபது பீஸை மாட்டி, நூல் அறுந்ததைப் பார்த்து மறுபடி ஓடவிட அவருடைய பதிவுகளில் சராசரியாக நாலு நிமிடம். ஆக ஒரு ஓட்டத்துக்கு பதினான்கு நிமிடம் சொச்சம். கணக்குச் சுலபமாக இருக்க 50 பைசா ரேட் என்று வைத்துக்கொண்டால், இருபது பீஸுக்கு 82 ரூபாய். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 346 ரூபாய்.

கடந்த மூன்று மாதத்தில் அவருக்கு அதிகம் வந்திருந்தது கைப்பக்கம் வருகிற குட்டி லோகோக்கள், 1,800 ஸ்டிச். அது இரண்டேகால் நிமிடத்தில் ஓடிவிடும். ஆனால் ஃபிரேம் மாட்டுவதற்கு அதே நாலு நிமிடம். ஆறேகால் நிமிடத்துக்கு 18 ரூபாய். ஒரு மணி நேரத்துக்கு 173 ரூபாய் வருகிறது. அதே ரேட், அதே மெஷின், அதே ஆபரேட்டர், பாதி வருமானம். மெஷின் சும்மா நிற்காமல் ஓடுகிறது என்பதால் அவருக்கு அது தெரியவில்லை. பெரிய லோகோ இரண்டு தெரு தள்ளிப் போயிருந்தது. சின்ன லோகோவை இவர் ஸ்டிச் கணக்கிலேயே ஒத்துக்கொண்டிருந்தார்.

அவர் அந்த இரண்டு எண்களையும் ஒரு டி.சி. புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார். மூவாயிரம் ஸ்டிச்சுக்குக் கீழே வந்தால் ஸ்டிச் கணக்கு கிடையாது, பீஸுக்குக் குறைந்தபட்சம் இத்தனை என்று ஒரு தொகையைப் பிறகு வைத்துக்கொண்டார். எத்தனை என்று கேட்காதீர்கள்.

போன ஆர்டர் திரும்ப வரவில்லை. ஐந்தாறு மாதம் அவர் என்னைப் போனில் கூப்பிடவுமில்லை. சாஃப்ட்வேரில் ஏதாவது என்றால் ஆபரேட்டர் பையன்தான் பேசுவான். அவர் வீட்டுக் கிடாவெட்டுக்கு அப்பாவுக்குத்தான் அழைப்பு வந்தது. நானும் போனேன். சாப்பிட்டீங்களா என்று பொதுவாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்.

போன ஆடியில் ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு அவரே கூப்பிட்டார். பின்னால் மெஷின் சத்தம்.

"ஏந்தம்பி, எங்க பார்ட்டி ஒருத்தங்ககிட்ட எவனோ வந்து என் ரேட்டுக்குக் கொறச்சுப் பேசியிருக்கான். உங்கிட்ட யாராச்சும் என் ரேட்டக் கேட்டாங்களா?"

நான் ஒரு நொடி பேசாமலிருந்தேன். யாராவது கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும் பதில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். கேட்கவில்லை என்று இன்றைக்குச் சொன்னால், இன்னொரு நாள் சொல்லாமலிருக்கும்போது கேட்டார்கள் என்று ஆகிவிடும்.

"அண்ணா, யாரு என்ன கேட்டாங்கன்னு சொல்றதுக்கில்லீங்க. உங்க ரேட்டு எங்கிட்டருந்து போகலீங்க."

அந்தப் பக்கம் மெஷின் மட்டும் கேட்டது. நூல் அறுந்து நின்று, மறுபடி ஓடியது.

"சரி" என்றார். "நாளைக்குக் காலைல வா. அந்த நாலு நிமிஷத்த மூணு நிமிஷமாக்க முடியுமான்னு பாக்கோணும்."